குதிகால் ரத்தப் பரிசோதனை: "திரும்ப வாங்க" என்று போன் வந்தால் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நான் பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸ். குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பது, கார்டை லேபுக்கு அனுப்புவது, ரிப்போர்ட்டில் ஏதாவது கூடியிருந்தால் வீட்டுக்குப் போன் போட்டுக் கூப்பிடுவது, இந்த மூன்றும் என் வேலை. அந்தப் போனில் பெற்றோர் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். பெரும்பாலும் தைராய்டு பற்றித்தான் இருக்கும், ஏனென்றால் நான் திரும்பக் கூப்பிடும் குழந்தைகளில் அதிகம் பேர் தைராய்டு எண்ணுக்காக வருபவர்கள்தான்.

"ரெண்டு நாள் குழந்தை காலைக் குத்துறீங்களே சிஸ்டர், அது என்ன டெஸ்ட்?"

குதிகாலின் ஓரத்தில் சிறிய ஊசியால் ஒரு குத்து. வரும் ரத்தத்தைத் தடிமனான வடிகட்டித் தாள் கார்டில் அச்சடித்த வட்டங்களில் சொட்டவிட்டு, உலர்த்தி, லேபுக்கு அனுப்புகிறோம். அங்கே அந்த உலர்ந்த வட்டத்திலிருந்து மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பொட்டைத் துளைத்து எடுத்துப் பரிசோதிப்பார்கள். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி என்ற டாக்டர், பினைல்கீட்டோனூரியா என்ற ஒரே ஒரு நோயைக் கண்டுபிடிக்க இந்த உலர்ந்த ரத்த முறையைக் கொண்டுவந்தார். 1970-களில் கனடாவின் கியூபெக்கில் தைராய்டுக்கும் இதையே பயன்படுத்த ஆரம்பித்தார்கள். அப்புறம் பட்டியல் நீண்டுகொண்டே போனது.

நம் நாட்டில் எல்லா ஆஸ்பத்திரிக்கும் பொதுவான ஒரே பட்டியல் கிடையாது. சில இடங்களில் தைராய்டு மட்டும் பார்ப்பார்கள், சில இடங்களில் அட்ரீனல் சுரப்பிக் கோளாறு, சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் குறைவு, பாலின் சர்க்கரையை உடைக்க முடியாத கேலக்டோசீமியா எல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள், தனியாரில் நாற்பது ஐம்பது நோய்களுக்கு ஒரே பேக்கேஜ் கூட உண்டு. அதனால் "டெஸ்ட் எடுத்தாச்சு" என்று சொன்னால் போதாது, எதெதற்கு எடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"குழந்தை நல்லாத்தானே இருக்கு, அதுக்கு எதுக்கு இதெல்லாம்?"

தைராய்டு குறைவோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் பிறந்த அன்று நன்றாகத்தான் இருப்பார்கள். வயிற்றில் இருக்கும்போது அம்மாவின் தைராய்டு ஹார்மோன் கொஞ்சம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. அந்த இருப்பில்தான் முதல் சில நாள் ஓடுகிறது. அது தீர்ந்த பிறகுதான் அறிகுறிகள் தலைகாட்டும், அதுவும் மெதுவாக: மஞ்சள் காமாலை இரண்டு வாரம் தாண்டியும் போகாது, மலம் இறுகும், அழுகை கரகரவென்று இருக்கும், தொப்புள் புடைத்துக்கொண்டு வரும், நாக்கு பெரிதாகத் தெரியும்.

இதில் என்னை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. தைராய்டு குறைவான குழந்தை அதிகம் அழாது, எழுப்பினால்தான் பால் குடிக்கும், நாளெல்லாம் தூங்கும். "எங்க பேத்தி தங்கமான குழந்தை, இருக்கிற இடமே தெரியாது" என்று பாட்டி பெருமையோடு சொல்வார். அறிகுறிகள் யார் கண்ணுக்கும் தெரியும்படி ஆகும் நேரத்தில் இரண்டு மூன்று மாதம் ஓடியிருக்கும், மூளை வளர்ச்சிக்கு ஹார்மோன் மிகவும் தேவைப்பட்ட மாதங்கள் அவை. அந்த இழப்பைப் பின்னால் மாத்திரை கொடுத்து முழுதாக ஈடுகட்ட முடியாது. இந்தியாவில் சுமார் ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் இந்தக் குறை வருகிறது.

"பொறந்த உடனே எடுத்தா வேலை முடிஞ்சுதே, ஏன் ரெண்டு நாள் காத்திருக்கணும்?"

குழந்தை வெளியே வந்து குளிர் பட்டதும் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை விரட்டி வேலை வாங்க டிஎஸ்எச் என்ற ஹார்மோனை ஒரேயடியாகக் கொட்டும். பிறந்து அரை மணி நேரத்தில் அது 60, 80 வரை கூடப் போகும், ஆரோக்கியமான குழந்தைக்கே இப்படித்தான். முதல் 24 மணி நேரத்தில் வேகமாக இறங்கி, அப்புறம் இரண்டு மூன்று நாளில் அடங்கும். அந்த ஏற்றத்தின் நடுவில் குத்தினால் பாதிக் குழந்தைகளுக்குத் தைராய்டு இருக்கிற மாதிரி வரும். 48 மணியிலிருந்து 72 மணிக்குள் எடுப்பது அதனால்தான்.

வளர்சிதை நோய்களுக்குக் காரணம் வேறு. பினைல்கீட்டோனூரியா மாதிரியானவற்றில், குழந்தையால் உடைக்க முடியாத பொருள் பாலிலிருந்துதான் வருகிறது. வயிற்றில் இருந்தவரை அம்மாவின் உடம்பு அதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. குழந்தை ஒன்றிரண்டு நாள் பால் குடித்த பிறகுதான் அது ரத்தத்தில் சேர்ந்து, அளவில் தெரியும்.

தொப்புள்கொடி ரத்தத்தில் எடுத்தோம் என்று சிலர் சொல்வார்கள். தைராய்டுக்கு அது செல்லும், சில ஆஸ்பத்திரிகள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் பால் குடித்த பிறகே கூடும் நோய்களை அதில் பார்க்க முடியாது.

சுகப்பிரசவத்தில் மறுநாளே வீட்டுக்கு அனுப்பும் இடங்களில் 30 மணி நேரத்திலேயே எடுத்துவிடுவதும் நடக்கிறது. ஒன்றும் எடுக்காமல் அனுப்புவதைவிட அது மேல். ஆனால் அப்படி எடுத்தால் மறுபடி கூப்பிட வேண்டியவர்களின் எண்ணிக்கை கூடும், அதை முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும்.

"டிஎஸ்எச் 26-னு வந்திருக்கு. நெட்ல பார்த்தா 4-க்கு மேல போனாலே தைராய்டுன்னு இருக்கே?"

நீங்கள் பார்த்தது பெரியவர்களுக்கான அளவு. அதைப் பச்சிளங்குழந்தை மேல் வைத்துப் பார்க்கக் கூடாது.

ரிப்போர்ட்டைக் கையில் எடுத்ததும் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ரத்தம் எடுத்தபோது குழந்தைக்கு எத்தனை மணி நேரம். 30 மணி நேரத்தில் 26 என்றால் ஒரு அர்த்தம், ஐந்தாம் நாளில் 26 என்றால் வேறு அர்த்தம். இரண்டு, அலகு. உலர்ந்த கார்டில் இருப்பது முழு ரத்தம், அதில் பாதிக்கு மேல் சிவப்பணுக்கள், ஹார்மோன் இருப்பதோ மீதி நீரில். அதனால் சில லேப்கள் முழு ரத்த அளவையே எழுதும், சில லேப்கள் அதைச் சுமார் 2.2-ஆல் பெருக்கி சீரம் அளவாக எழுதும். ஒரே குழந்தையின் ஒரே பொட்டு, ஒரு லேபில் 12, இன்னொன்றில் 26 என்று வரலாம், இரண்டும் சரிதான். பக்கத்து வீட்டுக் குழந்தையின் எண்ணோடு ஒப்பிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்த அம்மாக்களை எனக்குத் தெரியும்.

இந்தியக் குழந்தைகள் ஹார்மோன் மருத்துவர்கள் சங்கம் சொல்லும் கணக்கு, சீரம் அளவில் இப்படிப் போகிறது. 48 மணிக்குப் பிறகு எடுத்ததில் 20-க்குக் கீழே இருந்தால் போதும். 24-லிருந்து 48 மணிக்குள் எடுத்திருந்தால் 34 வரை விடலாம். அந்த எல்லையைத் தாண்டி 40 வரை என்றால் ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் இன்னொரு கார்டு. 40-க்கு மேல் போனால் இன்னொரு கார்டுக்கு நேரம் இல்லை, உடனே கூப்பிட்டு நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து டிஎஸ்எச்சும், தைராய்டே சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4-உம் பார்க்க வேண்டும்.

ஆகவே 30 மணி நேரத்தில் எடுத்த 26-க்கு இந்தக் கணக்குப்படி திரும்பக் கூப்பிட வேண்டியதில்லை. 60 மணி நேரத்தில் எடுத்த 26-க்குக் கண்டிப்பாகக் கூப்பிடுவோம். அப்படிக் கூப்பிட்டால்கூட அது நோய் என்று அர்த்தமில்லை, இரண்டாவது கார்டில் பலருக்கு இறங்கியே வருகிறது.

"ரிப்பீட் எடுக்கணும்னா முதல்ல எடுத்தது தப்பா?"

எண் கூடியதால் கூப்பிடுவது ஒரு வகை. எண்ணே கிடைக்காமல், "மாதிரி சரியில்லை" என்று கார்டு திரும்பி வருவது இன்னொரு வகை. இரண்டாவது வகையில், ஆமாம், தப்பு எங்கள் பக்கம். அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், அடுத்த முறை நீங்களே பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

முதலில் குதிகாலை வெதுவெதுப்பான துணியால் சில நிமிடம் சூடு காட்ட வேண்டும், சில்லென்ற காலில் ரத்தம் வராது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து அது நன்றாகக் காய வேண்டும், ஈரம் இருந்தால் ரத்தத்தோடு கலந்து கெடுத்துவிடும். குதிகாலின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்த வேண்டும், நடுவில் எலும்பு மேலேயே இருக்கிறது. முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்துவிட்டு, இரண்டாவது சொட்டு நன்றாகத் திரண்டு தொங்கும்வரை பொறுத்து, கார்டை அதில் ஒரே ஒரு முறை தொட வைக்க வேண்டும். அந்த ஒரு சொட்டிலேயே வட்டம் நிரம்பி, கார்டைத் திருப்பினால் பின்பக்கமும் அதே அளவு சிவப்பாகத் தெரிய வேண்டும்.

ரத்தம் வரவில்லையே என்று காலைப் பிழிந்தால் சதை நீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும், அளவு குறைந்து காட்டும். நிரம்பாத வட்டத்தின் மேலேயே இன்னொரு சொட்டு வைத்தால் அந்த இடத்தில் ரத்தம் இரட்டையாகி அளவு கூடிக் காட்டும். மேலே மட்டும் சிவந்து பின்பக்கம் வெளிறியிருந்தால் லேப் அதை வைத்துக்கொள்ளாது.

அப்புறம் உலர்த்துவது. படுக்கை வாட்டில், எதன் மேலும் படாமல், வெயிலும் ஃபேன் காற்றும் நேராக அடிக்காமல், குறைந்தது மூன்று நான்கு மணி நேரம். அவசரப்பட்டு ஈரத்தோடு கவருக்குள் போட்டால் கதை முடிந்தது. நம் ஊர் மே மாத வெயிலும் சென்னையின் புழுக்கமும் இதற்குப் பெரிய எதிரிகள். டிஎஸ்எச் ஓரளவு தாங்கும். ஆனால் ஜி6பிடி, கேலக்டோசீமியா, பயோட்டினிடேஸ் மூன்றிலும் பார்ப்பது நொதி வேலை செய்கிறதா என்பதை, சூட்டிலும் ஈரத்திலும் அந்த நொதி கார்டிலேயே செத்துவிடும். கூரியர் வண்டியில் இரண்டு நாள் வெந்த கார்டில் "நொதி குறைவு" என்று வந்தால் குறை குழந்தையிடம் இருக்கிறதா கார்டிடம் இருக்கிறதா என்று இன்னொரு கார்டு எடுத்தால்தான் தெரியும்.

"ரெண்டாவது தடவை நார்மல்னு வந்துச்சு. அப்ப மொதல்ல ஏன் கூடுச்சு?"

பல சமயம் பிறந்தவுடன் ஏறிய டிஎஸ்எச் இறங்கக் கொஞ்சம் கூடுதல் நாள் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

நாங்கள் தேடிப் பார்க்கும் காரணம் அயோடின். பிரசவத்தின்போதோ சிசேரியன் தையல் மேலோ, சில சமயம் தொப்புளிலேயே, அந்தப் பழுப்பு நிற அயோடின் மருந்தை நிறையத் தடவியிருப்பார்கள். குழந்தையின் மெல்லிய தோல் வழியாகவும் தாய்ப்பால் வழியாகவும் அயோடின் உள்ளே போனால், பச்சிளங்குழந்தையின் தைராய்டு திகைத்துக் கொஞ்ச நாள் வேலையை நிறுத்திவிடும். அயோடின் தடவுவது நின்றதும் தானாகச் சரியாகும். அதனால் "தொப்புள்ல ஏதாவது போடுறீங்களா?" என்று போனிலேயே கேட்பேன். தொப்புளுக்கு ஒன்றும் போட வேண்டாம், காய்ந்து தானாக விழும்.

"16-ம் நாள் தீட்டு கழிஞ்சதும் கூட்டிட்டு வரோம், பரவால்லையா?"

20-லிருந்து 40 வரை இருந்தால் நாங்களே ஒரு தேதி சொல்வோம், அந்தத் தேதிக்கு வந்தால் போதும். 40-க்கு மேல் என்றால் இல்லை, நாளை காலை வாருங்கள்.

ஒரு குழந்தையின் கதை சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான். பெண் குழந்தை, சுகப்பிரசவம், 52 மணி நேரத்தில் கார்டு எடுத்தோம். ஐந்தாம் நாள் மதியம் லேபிலிருந்து போன்: சீரம் அளவில் 92. கார்டில் இருந்த அப்பாவின் எண்ணுக்குப் போட்டால் அவர் வேலைக்குப் போன இடத்தில் சிக்னல் இல்லை. அம்மாவும் குழந்தையும் விழுப்புரம் பக்கம் தாய்வீட்டில். ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் புரட்டி, சேர்க்கும்போது கூட வந்த சித்தியின் எண்ணைக் கண்டுபிடித்து, அவர் வழியாகத் தாத்தாவைப் பிடித்தபோது சாயங்காலம் ஆறு மணி. "பால் நல்லாக் குடிக்குது, பச்சை உடம்புக்காரியை பஸ்ல ஏத்த முடியாது, பதினாறு கழியட்டும்" என்றார். நான் அவரோடு வாதாடவில்லை. "ஐயா, பேத்திக்குத் தைராய்டு வேலை செய்யலேன்னா ஒவ்வொரு நாளும் மூளைக்குப் போக வேண்டியது போகாம இருக்கு. இன்னும் பத்து நாள் அப்படி விடலாமான்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு வாடகைக் கார் பிடித்து வந்துவிட்டார், குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு.

நரம்பில் ரத்தம் எடுத்தோம். குழந்தையின் எடை 3.1 கிலோ. முதல் எண் இவ்வளவு கூடியிருந்ததால் டாக்டர் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கவில்லை, அன்றே தைராக்சின் மாத்திரையை ஆரம்பித்தார். ஒரு கிலோவுக்கு 10-லிருந்து 15 மைக்ரோகிராம் என்பது தொடக்க அளவு. இந்தக் குழந்தைக்கு 37.5, அதாவது 25 மைக்ரோகிராம் மாத்திரையில் ஒன்றரை. ராத்திரி ரிப்போர்ட் வந்தது: டிஎஸ்எச் 100-க்கு மேல், ஃப்ரீ டி4 0.5. ஒரு டெசிலிட்டருக்கு 1.17 நானோகிராமுக்குக் கீழே போனாலே இந்த வயதில் குறைவு. ஆக, சந்தேகமே இல்லை. சுரப்பி எங்கே இருக்கிறது, இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேனைப் பிறகு எடுத்தார்கள். ஸ்கேனுக்கு இடம் கிடைக்கவில்லை என்று மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது ஃப்ரீ டி4 நன்றாக ஏறியிருந்தது, டிஎஸ்எச் 18-க்கு வந்திருந்தது. அடுத்த மாதம் 3. மாத்திரை ஆரம்பித்தது ஆறாம் நாள். இரண்டு வாரத்துக்குள் ஆரம்பித்துவிட வேண்டும் என்பதுதான் இலக்கு. தாத்தா சொன்ன பதினாறாம் நாளுக்குக் காத்திருந்தால் அந்த இலக்கு தாண்டியிருக்கும்.

"இத்தனூண்டு குழந்தைக்கு மாத்திரையை எப்படிக் கொடுக்கிறது? ஆயுசுக்கும் போடணுமா?"

இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நசுக்கி, பாலாடையில் சில சொட்டுத் தாய்ப்பாலோ ஆறிய வெந்நீரோ விட்டுக் குழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விடுங்கள். பிறகு இன்னும் கொஞ்சம் பாலை அதே பாலாடையில் ஊற்றிச் சுழற்றி அதையும் கொடுத்துவிடுங்கள், ஒட்டிக்கொண்டிருக்கும் தூளும் போய்ச் சேரும். முழுப் பால் பாட்டிலில் கலக்கவே கூடாது, குழந்தை பாதியில் தூங்கிவிட்டால் பாதி மருந்துதான் போயிருக்கும். தினமும் ஒரே நேரம். இரும்புச்சத்து, கால்சியம் சொட்டு மருந்துகளை இதோடு சேர்த்துக் கொடுத்தால் மாத்திரை உறிஞ்சப்படாது, சில மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். ஒரு வாரத்துக்கு மொத்தமாக நசுக்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆயுசுக்குமா என்பது காரணத்தைப் பொறுத்தது. சுரப்பியே இல்லை, அல்லது இடம் மாறி நாக்கின் அடியில் நிற்கிறது என்றால் ஆமாம், எப்போதும் வேண்டும். சுரப்பி இருந்தும் சரியாகச் சுரக்கவில்லை என்றால் மூன்று வயது முடிந்ததும் டாக்டர் மாத்திரையை நான்கு வாரம் போல நிறுத்திப் பார்த்து முடிவு சொல்வார். அதற்கு முன் நீங்களாக நிறுத்தாதீர்கள். "ரிப்போர்ட் நார்மல்னு வந்துச்சு, அதான் நிறுத்திட்டோம்" என்று ஒன்றரை வயதில் வந்த குழந்தையைப் பார்த்திருக்கிறேன். நார்மலாக வந்ததே மாத்திரையால்தான்.

"எனக்குத் தைராய்டு இருக்கு. என்னாலதானா? நாங்க சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்க வேற."

அழுதுகொண்டேதான் இதைக் கேட்பார்கள். பெரும்பாலும் இல்லை. தைராய்டு குறைவுக்கு மாத்திரை போடும் அம்மாக்களின் குழந்தைகள் அநேகமாக எல்லோருமே நன்றாகப் பிறக்கிறார்கள், அந்த மாத்திரை குழந்தைக்குக் கெடுதல் செய்வதில்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்து அதைக் குறைக்க மருந்து சாப்பிட்டவர்கள் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த மருந்தும், ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள்களும் குழந்தைக்குப் போய்ச் சில வாரம் ஆட்டம் காட்டலாம், அதற்குக் கார்டு போதாது, தனியாகப் பார்க்க வேண்டும்.

சொந்தத்தில் கல்யாணம் என்பதற்கு வருகிறேன். சுரப்பி உருவாகாமல் போவது பெரும்பாலும் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் தனியாக நடப்பது. சுரப்பி இருந்தும் ஹார்மோன் செய்யத் தெரியாத வகை, அப்புறம் வளர்சிதை நோய்களில் மிகப் பெரும்பாலானவை, அம்மா அப்பா இருவரிடமிருந்தும் ஒரே குறை வந்தால்தான் வரும். மாமன் மகள், அத்தை மகன் என்றால் இருவரிடமும் அதே குறை இருக்கும் வாய்ப்பு கூடும். முன்பு ஒரு குழந்தை காரணம் தெரியாமல் முதல் வாரங்களில் இறந்திருந்தால் அதைத் தயவுசெய்து பிரசவத்துக்கு முன்பே சொல்லுங்கள், அந்த ஒரு தகவல் எங்களுக்கு எந்தக் கார்டையும்விடப் பெரியது.

"குறைமாசக் குழந்தை. மொத கார்டு நார்மல்னு சொன்னீங்க, ஏன் மறுபடி எடுக்கணும்?"

குறைமாதத்தில் பிட்யூட்டரிக்கே இன்னும் பக்குவம் வந்திருக்காது. தைராய்டு குறைந்தாலும் டிஎஸ்எச்சை உடனே ஏற்றத் தெரியாது, இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் ஏறும். அதனால் குறைமாதம், எடை குறைவு, ஐசியூவில் இருந்த குழந்தைகளுக்கு இரண்டாவது வாரத்துக்கு மேல் இன்னொரு கார்டு. ஒரே மாதிரி இரட்டைக் குழந்தைகளுக்கும் அப்படித்தான், வயிற்றில் ஒருவர் ரத்தம் மற்றவருக்குப் போய் ஒருவரின் குறையை மற்றவர் மறைத்துவிடலாம். ரத்தம் ஏற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள், ஏற்றியவரின் நொதி இருப்பதால் ஜி6பிடியும் கேலக்டோசீமியாவும் பொய்யாக நார்மல் காட்டும்.

"தைராய்டு இல்ல, வேற ஏதோ கூடியிருக்குங்கிறாங்க. அதுக்கும் நாளைக்கு வந்தா போதுமா?"

எது என்று போனிலேயே கேளுங்கள், ஏனென்றால் சிலவற்றில் ராத்திரியே வர வேண்டும்.

அட்ரீனல் சுரப்பிக் கோளாறு என்றால், குறைமாதக் குழந்தைகளுக்கும் உடம்பு சரியில்லாத குழந்தைகளுக்கும் அந்த எண் பொய்யாகக் கூடுவது சகஜம். ஆனால் உண்மையாக இருந்தால் இரண்டாவது வாரம் போல உடம்பிலிருந்து உப்பு வெளியேறி, வாந்தி எடுத்து, எடை குறைந்து, திடீரென்று துவண்டுவிடும். பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்பு வித்தியாசமாக இருப்பதால் பிறந்த அன்றே சந்தேகம் வரும், ஆண் குழந்தைக்கு வெளியே ஒன்றும் தெரியாது. கேலக்டோசீமியா என்றால் தாய்ப்பாலில் இருக்கும் சர்க்கரையே விஷம், டாக்டர் சொன்னால் அந்த நேரத்திலிருந்தே தாய்ப்பாலை நிறுத்தி, அந்தச் சர்க்கரை இல்லாத வேறு பால் கொடுக்க வேண்டியிருக்கும். இன்னும் சில வளர்சிதை நோய்களில் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே குழந்தைக்கு முடியாமல் போகும். ஒன்றில் மூத்திரத்தில் காய்ச்சிய சர்க்கரைப் பாகு வாசனை வரும். பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாதது, மூச்சு வேகமாக வாங்குவது இதெல்லாம் இருந்தால் ரிப்போர்ட்டை எதிர்பார்க்காமல் கிளம்புங்கள், கார்டு எடுத்திருக்கிறது என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

ஜி6பிடி குறைவுக்கு இந்த அவசரம் இல்லை. முதல் வாரத்தில் மஞ்சள் காமாலையைக் கவனிக்க வேண்டும், சில மருந்துகளைத் தவிர்க்க வேண்டும், பட்டியல் கொடுப்பார்கள். வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: பீரோவிலிருந்து அந்துருண்டையை எடுத்துவிடுங்கள். மூத்த குழந்தையின் பழைய துணிகளை அந்துருண்டையோடு மூட்டை கட்டி வைத்து, அதை அப்படியே எடுத்துப் பச்சிளங்குழந்தைக்குப் போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஜி6பிடி குறைந்த குழந்தைக்கு அந்த வாசனையே சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

"எல்லாம் நார்மல்னு வந்துடுச்சு. இனி தைராய்டு வரவே வராதா?"

அப்படிச் சொல்ல மாட்டேன். நாம் பார்ப்பது டிஎஸ்எச். பிட்யூட்டரியிலேயே கோளாறு இருந்தால் டிஎஸ்எச் ஏறாது, கார்டு நார்மல் என்றே காட்டும். அது அபூர்வம், ஆனாலும் காமாலை நீடிப்பது, மலச்சிக்கல், அளவுக்கு மீறிய தூக்கம் இருந்தால் "கார்டு நார்மல்" என்று சமாதானம் ஆகாமல் டிஎஸ்எச்சோடு ஃப்ரீ டி4-உம் பார்க்கச் சொல்லுங்கள்.

"பத்து நாளாச்சு, யாரும் போன் பண்ணல. அப்ப நார்மல்தானே?"

தெரியாது. நார்மலாக இருக்கலாம், கார்டு கூரியரில் தொலைந்திருக்கலாம், உங்கள் போனே அணைந்திருக்கலாம். கார்டில் குழந்தைக்குப் பெயர் இருக்காது, அம்மாவின் பெயரைப் போட்டு "இன்னாரின் குழந்தை" என்றுதான் இருக்கும். ஒரே பெயரில் ஒரே நாளில் இரண்டு அம்மாக்கள் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் ஆகும் முன் கார்டின் வரிசை எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை எந்த ஊரில் இருக்கப் போகிறதோ அந்த வீட்டு எண்ணையும் சேர்த்து, இரண்டு எண் கொடுங்கள். ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வரவில்லை என்றால் நீங்களே கூப்பிட்டு அந்த வரிசை எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பிலாவது அனுப்பச் சொல்லி வாங்கி வையுங்கள். தடுப்பூசிக்கு ஆறாவது வாரம் போகும்போது டாக்டர் கேட்பார்.